புழுவெட்டில் முளைத்த வெள்ளை முடி கறுக்குமா?

புழுவெட்டை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் முடி வெட்டுபவர்தான். "அண்ணே, பின்னந்தலையில புழுவெட்டு விழுந்திருக்கு, பார்த்தீங்களா?" என்று அவர் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டும்போதுதான் நாணய அளவில் வழவழவென்று ஓர் இடம் வெறுமையாக இருப்பது தெரியவரும். அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்குமா என்ற கவலையிலேயே சில மாதங்கள் ஓடும். பிறகு ஒருநாள் முடி முளைக்கும். ஆனால் வெள்ளையாக முளைக்கும். முப்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும்கூட இப்படி வருவதுண்டு. 'முடியில்லாமல் இருந்ததே தேவலை, இப்போது நரை வந்துவிட்டதே' என்று மனம் உடைந்து போகிறவர்கள் பலர். சிலர் அந்த வெள்ளை முடியைப் பிடுங்கி எறிகிறார்கள். சிலர் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிச் சிகிச்சையையே நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டும் வேண்டாம். புழுவெட்டுக்குப் பின் வரும் வெள்ளை முடி மயிர்க்கால் பிழைத்துக்கொண்டதற்கான அடையாளம். இளவயதினரில் பெரும்பாலானோருக்கு அது பின்னர் கறுத்துவிடும். எப்போது கறுக்கும், எப்போது கறுக்காது, எந்த வெள்ளையைக் கண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் கவலையும் தவறான சிகிச்சையும் குறையும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

முடிக்குத் தானாக நிறம் கிடையாது. தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலின் அடிக்குமிழில் இரண்டு வகைச் செல்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஒரு வகை, முடி என்னும் இழையை உருவாக்குகிறது. இன்னொரு வகை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, உருவாகிக்கொண்டிருக்கும் அந்த இழைக்குள் செலுத்துகிறது. நிறமிச் செல்கள் வேலை செய்யாவிட்டாலும் இழை வளரும், வெள்ளையாக வளரும். முடி வளர்வதும் முடி கறுப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தலைமுடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்கிறது. அதே மயிர்க்காலில் அடுத்த முடி தொடங்குகிறது. இதை வயலில் போகத்துக்குப் போகம் நடக்கும் நெல் சாகுபடியைப் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு போகம் முடிந்ததும் அடிக்குமிழில் இருந்த நிறமிச் செல்கள் மடிந்துவிடும். அடுத்த போகத்துக்கு வேண்டிய நிறமிச் செல்கள் மயிர்க்காலின் மேல்பகுதியில் இருக்கும் ஒரு நாற்றங்காலிலிருந்து இறங்கி வரும். அந்த நாற்றங்காலில் இருப்பவை நிறமி ஸ்டெம் செல்கள். ஜப்பானிய ஆய்வாளர் எமி நிஷிமுராவும் சக ஆய்வாளர்களும் 2002-இல் எலிகளில் இந்த ஸ்டெம் செல்களின் இருப்பிடத்தை அடையாளம் கண்டார்கள். வயது ஏற ஏற இந்த நாற்றங்கால் வற்றிப்போவதால்தான் நரை விழுகிறது என்று 2005-இல் காட்டினார்கள்.

ஆகவே ஒரு வெள்ளை முடியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பயிர் மட்டும் கருகிப்போனதா, நாற்றங்காலே அழிந்துவிட்டதா? பயிர்தான் போனது என்றால் அடுத்த நடவில் நிறம் வரும். நாற்றங்காலே போய்விட்டது என்றால் வருவது கடினம்.

புழுவெட்டு எதைத் தாக்குகிறது?

புழுவெட்டு என்ற பெயர் எப்படி வந்திருந்தாலும் இதில் புழுவுக்கோ பூச்சிக்கோ வேலை இல்லை. மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மயிர்க்காலை அந்நியப் பொருள் என்று தவறாக எண்ணித் தாக்குவதால் இது வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. ஐம்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரக்கூடியது.

நல்ல நிலையில் இருக்கும் மயிர்க்காலின் அடிக்குமிழ் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும். அந்தப் பாதுகாப்பு குலையும்போது டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் தேனீக் கூட்டம் மொய்ப்பதுபோல அடிக்குமிழைச் சூழ்ந்துகொள்வதை நுண்ணோக்கியில் காணலாம். தாக்குதல் நடப்பது அடிக்குமிழில்தான்; ஸ்டெம் செல்கள் இருக்கும் மேல்பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதனால்தான் புழுவெட்டில் தழும்பு விழுவதில்லை, ஆண்டுகள் கழிந்தும் முடி முளைக்க வாய்ப்பு இருக்கிறது.

இந்தத் தாக்குதலின் குறி நிறமியோடு தொடர்புடையது என்பதற்குச் சான்றுகள் உண்டு. கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையில் புழுவெட்டு விழுந்தால் கறுப்பு முடிகளே அதிகம் உதிர்கின்றன. வெள்ளை முடிகள் பல நேரங்களில் அப்படியே நிற்கின்றன. தலை முழுவதும் பரவும் வகைப் புழுவெட்டு கலப்பு நரை உள்ள ஒருவருக்கு வேகமாக வந்தால், சில நாட்களில் கறுப்பு முடியெல்லாம் உதிர்ந்து அவர் திடீரென்று முழுநரை ஆனவர்போலத் தெரிவார். பிரெஞ்சு அரசி மேரி அன்டாய்னெட்டுக்கு ஒரே இரவில் முடி நரைத்தது என்ற கதைக்கு மருத்துவர்கள் தரும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. வளர்ந்துவிட்ட முடி ஓர் இரவில் நிறம் இழக்க வழியே இல்லை. 2001-இல் இஸ்ரேலின் அமோஸ் கில்ஹர் குழு மனித உச்சந்தோலை எலிகளில் ஒட்டவைத்துச் செய்த ஆய்வில், நிறமிச் செல்களின் புரதத் துணுக்குகளைக் கொண்டு தூண்டிய டி செல்களால் அந்தத் தோலில் முடி உதிர்வை உண்டாக்க முடிந்தது. நிறமிச் செல் மட்டுமே குறி என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் முக்கியமான குறிகளில் ஒன்று என்று கொள்ளலாம்.

இப்போது வெள்ளை முடிக்கான காரணம் விளங்கும். தாக்குதல் தணியத் தொடங்கியதும் இழையை உருவாக்கும் செல்கள் சட்டென்று பெருகி வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நிறமிச் செல்கள் இயல்பிலேயே மெதுவாகப் பெருகுபவை, எளிதில் அடிபடுபவை. புதியவை நாற்றங்காலிலிருந்து இறங்கி நிறமி தயாரிக்கும் நிலைக்கு வருவதற்குள் முடி வெளியே தலைகாட்டிவிடுகிறது. முடி முந்திக்கொள்கிறது, நிறம் பின்தங்குகிறது.

ஒரு முடியை எப்படிப் படிப்பது?

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். முப்பது வயது இளைஞர், நரை இல்லாதவர். பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரே ஒரு புழுவெட்டு. தோல் மருத்துவர் அந்த இடத்தில் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சிறு சிறு துளிகளாகத் தோலுக்குள் ஊசி மூலம் செலுத்துகிறார். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறார். இது வழக்கமான சிகிச்சைதான். சிறிய அளவிலான புழுவெட்டு பலருக்கு ஓராண்டுக்குள் சிகிச்சை இல்லாமலேயே சரியாவதும் உண்டு.

ஆறு வாரம் வாக்கில் அந்த இடத்தில் மென்மையான பூனைமுடி தெரிகிறது. இது வெள்ளையாகத் தெரிவதை நரை என்று கொள்ளக் கூடாது. பூனைமுடி யாருக்குமே நிறமில்லாமல்தான் இருக்கும். நம் கன்னத்திலும் கையின் உட்புறத்திலும் இருப்பது அதுதான். மயிர்க்கால் இன்னும் முழு அளவுக்கு வளரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

மூன்றாம் மாதம் பூனைமுடிக்கு நடுவே தடித்த முடிகள் எழுகின்றன. அவையும் வெள்ளை. இப்போதுதான் இளைஞருக்குக் கவலை பிடிக்கிறது. ஐந்தாம் மாதம் அவருடைய மனைவி நல்ல வெளிச்சத்தில் முடியை விலக்கி அடிப்பகுதியை உற்றுப் பார்க்கிறார். மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முடியில் நுனிப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெள்ளை. தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் கறுப்பு. தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, அந்த மயிர்க்காலில் நிறமிச் செல்கள் ஒரு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டன. வெள்ளை நுனி இனிக் கறுக்காது, அது வளர்ந்து முடிந்துபோன பகுதி. அடுத்த முறை முடி வெட்டும்போது அது போய்விடும், கறுப்பு மட்டும் மிஞ்சும். பக்கத்து முடிகள் சிலவற்றில் அடி முதல் நுனி வரை வெள்ளையாகவே இருக்கலாம். அவற்றில் சில பின்னர் அடியில் கறுக்கும். சில உதிர்ந்து, அடுத்த போகத்தில் கறுப்பாக வரும்.

எனவே வீட்டில் பார்க்க வேண்டியது நுனியை அல்ல, அடியை. அடி கறுத்துத் தடித்திருந்தால் நிறம் திரும்புகிறது. அடி வெள்ளையாக இருந்தாலும் தடித்திருந்தால் மயிர்க்கால் நலமாக இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் நுனி தடித்தும் தோலை ஒட்டிய அடி மெலிந்தும், ஆச்சரியக்குறியைப் போல குட்டையான முடிகள் ஓரங்களில் தெரிந்தால், அந்த இடத்தில் நோய் இன்னும் ஓயவில்லை. நிறத்தைப் பற்றிய பேச்சுக்கே அப்போது இடமில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளை முடியைப் பிடுங்கினால் பக்கத்தில் நரை பரவும் என்பது உண்மையல்ல. ஆனாலும் பிடுங்கக் கூடாது. அப்போதுதான் எழுந்து வரும் மயிர்க்காலைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவது நல்லதல்ல. அடியில் கறுப்பு இறங்குகிறதா என்று பார்க்கும் வழியும் போய்விடும்.

நிறத்துக்காக மருந்தின் அளவைக் கூட்டுவதும் தவறு. ஸ்டீராய்டு ஊசியும் மினாக்சிடிலும் முடி வளர்வதற்குத் தருபவை. நிறம் வரவழைக்கும் மருந்துகள் அல்ல. தேவைக்கு மேல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அந்த இடம் குழிந்து, தோல் வெளுத்துப் போகலாம். பயோட்டின் மாத்திரையும் கறுப்பாக்கும் என்று விற்கப்படும் எண்ணெய்களும் இந்த வெள்ளையைக் கறுப்பாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பூண்டு, சின்ன வெங்காயம், ஆற்றுத்தும்மட்டிக் காய் என்று தேய்ப்பவர்கள் தோல் புண்ணாகிக் கொப்பளிக்கும் அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. ஆழமாகப் புண்ணாகித் தழும்பு விழுந்தால், நோய் விட்டுவைத்த நாற்றங்காலை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

யாருக்கு நிறம் திரும்பாமல் போகலாம்?

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நாற்றங்கால் செழிப்பாக இருக்கும் என்பதால் நிறம் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். ஐம்பது வயதைக் கடந்து ஏற்கெனவே நரை கலந்தவர்களுக்கு அந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றுவிடலாம். ஒரே இடத்தில் புழுவெட்டு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கும் பல ஆண்டுகள் முடியில்லாமல் இருந்தவர்களுக்கும் இளவயதிலும் சில வெள்ளைக் கற்றைகள் தங்கிவிடுவதுண்டு. முடி முளைத்து ஓராண்டு கடந்தும் அடி கறுக்கவே இல்லை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் தாமதமாகக் கறுத்தவர்கள் உண்டு. ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

சாயம் பூசுவதில் தவறில்லை. முடி நன்றாக வளர்ந்து, தோலில் எரிச்சலோ புண்ணோ இல்லாதபோது பூசலாம். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும் 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகு பூசுவது பாதுகாப்பு.

காய்ச்சலுக்குப் பின், கீமோவுக்குப் பின்

டைஃபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் இப்படி நடக்கும். இது புழுவெட்டு அல்ல. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் வரும் உதிர்வு. இங்கே நிறமிச் செல்களை யாரும் தாக்கவில்லை. அதனால் முளைக்கும் முடி பெரும்பாலும் பழைய நிறத்திலேயே வரும். காய்ச்சலுக்குப் பின் நரை கூடிவிட்டது என்று தோன்றினால், பல நேரங்களில் அடர்த்தி குறைந்ததால் முன்பே இருந்த நரை வெளியே தெரிகிறது என்பதே காரணம்.

அப்படியில்லாமல் இளவயதில் உண்மையாகவே நரை கூடினால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது பயன் தரும். பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு கோளாறும் இளநரைக்குக் காரணமாகலாம். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை அறவே தவிர்ப்பவர்களுக்கும், நீரிழிவுக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். குறைவை ஈடுசெய்த பின் முடி கறுத்தவர்கள் உண்டு. குறைவே இல்லாதவர் பி12 ஊசி போட்டுக்கொள்வதால் நரை மாறாது.

கீமோ சிகிச்சை வேறு வகை. அது வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியே உதிர்கிறது. சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் முளைக்கும் முதல் முடி வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ, சில நேரம் சுருளாகவோ வரலாம். பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பழைய நிறம் திரும்புகிறது. சிலருக்கு நரை நிலைத்துவிடுகிறது. புற்றுநோய்க்கான சில மாத்திரைகள், குறிப்பாக சுனிட்டினிப், பசோபனிப் ஆகியவை, நிறமி தயாரிப்பை நிறுத்திவைப்பதால் முடி வெளுக்கும். மருந்தை எடுக்கும் காலம் வெள்ளையாகவும், நிறுத்திய காலம் கறுப்பாகவும் ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரியும். நாற்றங்கால் இருக்கும்வரை நிறம் திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்கி கண்ட இடத்தில் முடி வெளுத்தால் அது அப்படியே நின்றுவிடலாம்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய வெள்ளை

முடியை விலக்கி அடியில் உள்ள தோலைப் பாருங்கள். புழுவெட்டில் தோல் இயல்பான நிறத்தில் இருக்கும். தோலும் பால்போல் வெளுத்திருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். அங்கே நாற்றங்காலும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் நிறம் திரும்புவது கடினம், சிகிச்சையும் வேறு.

புருவமோ கண் இமையோ புதிதாக வெளுத்து, அதோடு கண் சிவப்பு, பார்வை மங்கல், தலைவலி, காதில் இரைச்சல் ஆகியவை இருந்தாலோ அண்மையில் இருந்திருந்தாலோ ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. வோக்ட்-கொயனாகி-ஹராடா என்ற நோயில் எதிர்ப்பு மண்டலம் கண், காது, மூளை உறை, தோல் ஆகியவற்றில் உள்ள நிறமிச் செல்களைத் தாக்குகிறது. ஆசிய மக்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தகுந்த நேரத்தில் சிகிச்சை பெறாவிட்டால் பார்வை போய்விடும். கண் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

இந்த அறிகுறிகள் ஏதும் இல்லாமல், புழுவெட்டு விழுந்த இடத்தில் தடித்த வெள்ளை முடி எழுந்து நின்றால், அதைப் பிடுங்காமல், பச்சிலை வைத்துப் புண்ணாக்காமல் வளர விடுங்கள். மாதம் ஒருமுறை அதன் அடியைப் பாருங்கள். குழந்தைக்கு வந்திருந்தால் பள்ளியில் யாரும் கேலி செய்யாமல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இது ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.